பல்லா, நிழலா? ஒரே ஒரு ஃபிரேம் சொன்ன பதில்

2023 அக்டோபர் 24 அன்று 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2' என்ற கணினி கேம் விற்பனைக்கு வந்தது. பின்லாந்தைச் சேர்ந்த கொலாசல் ஆர்டர் என்ற நிறுவனம் உருவாக்கியது. சாலை போட்டு, குழாய் பதித்து, வீடு கட்டி, ஒரு நகரத்தையே நாம் வளர்த்தெடுக்கும் கேம். 2015இல் வந்த முதல் பாகம் பெரிய வெற்றி என்பதால் இரண்டாவதற்கு எதிர்பார்ப்பு ஏகத்துக்கும் இருந்தது. வந்த நாளிலேயே புகார்களும் குவிந்தன. விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களுக்குக்கூட படம் தடுமாறித் தடுமாறி ஓடியது. கண்ணில் படுவதோ சில தெருக்களும் சில வீடுகளும்தான். அதை வரையவா இவ்வளவு திணறல் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

திரையின் அளவைக் குறையுங்கள், தொலைவை மங்கலாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், மூடுபனி போன்ற காட்சிகளை நிறுத்துங்கள் என்று நிறுவனம் ஆலோசனை சொன்னது. சிலருக்கு உதவியது. ஆனால் காரணம் என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்குப் பதில் தேடிய வெளியாள் ஒருவர், கேமின் உள்கட்டமைப்பு எதுவும் கையில் இல்லாமலேயே, ஓடிக்கொண்டிருந்த கேமிலிருந்து ஒரே ஒரு ஃபிரேமைப் பிடித்து எடுத்துப் பிரித்துப் பார்த்தார். அவருக்கு உதவியது ரெண்டர்டாக் என்ற இலவசக் கருவி. ஒரு ஃபிரேம் இவ்வளவு சொல்லுமா என்று வியக்கும் அளவுக்கு விவரங்கள் வெளியே வந்தன. அவர் போன வழியில் நாமும் போய்ப் பார்க்கலாம்.

ஃபிரேம் என்பது திரையில் ஒரு கணம் தோன்றும் ஒரு படம். சினிமாவில் படங்கள் முன்கூட்டியே எடுக்கப்பட்டவை. கேமில் அப்படியில்லை. நாம் சுட்டியை அசைக்க அசைக்க, ஒவ்வொரு படத்தையும் கிராபிக்ஸ் கார்டு அந்த நேரத்திலேயே புதிதாக வரைகிறது. நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.6 மில்லிசெகண்ட். 30 படம் போதும் என்றால் 33 மில்லிசெகண்ட். கேம் மெதுவாக ஓடுகிறது என்றால் இந்தக் கெடுவுக்குள் படம் வரைந்து முடியவில்லை என்று பொருள். எங்கே நேரம் போகிறது என்று தெரிந்தால்தான் எதையாவது சரிசெய்ய முடியும்.

ஒரு படம் ஒரே வீச்சில் வரையப்படுவதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கேம் தன் கிராபிக்ஸ் கார்டுக்கு ஆணை மேல் ஆணையாக அனுப்புகிறது. இந்த வீட்டை வரை, இந்த மரத்தை வரை, இதற்கு இந்தச் செங்கல் படத்தை ஒட்டு, இந்த வெளிச்சத்தைக் கணக்கிடு என்று ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கில், பெரிய கேம்களில் ஆயிரக்கணக்கில் ஆணைகள் போகும். பொருள்களெல்லாம் முக்கோணங்களால் ஆனவை. முக்கோணங்களின் மூலைப் புள்ளிகளை முனைகள் என்று சொல்லலாம். கார்டு முதலில் ஒவ்வொரு முனையும் திரையில் எங்கே விழும் என்று கணக்கிடுகிறது. பிறகு முக்கோணம் மூடும் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் கணக்கிடுகிறது. முனை வேலை ஒன்று, பிக்சல் வேலை ஒன்று. இந்த இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

கிரைடெக் என்ற கேம் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது பால்டுர் கார்ல்சன் எழுதத் தொடங்கியது ரெண்டர்டாக். 2014 முதல் எல்லோருக்கும் இலவசமாக, மூலநிரலோடு கிடைக்கிறது. இது கேமுக்கும் கிராபிக்ஸ் கார்டின் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். கேமை ரெண்டர்டாக் வழியாகத் தொடங்கி, தேவையான இடம் வந்ததும் F12 விசையைத் தட்டினால், அடுத்து வரும் ஒரு ஃபிரேமுக்கான அத்தனை ஆணைகளையும் அது பதிவுசெய்துகொள்கிறது. அந்த ஆணைகளுக்குத் தேவையான மாடல்கள், டெக்ஸ்சர்கள், கணக்கிடும் நிரல்கள் எல்லாவற்றையும் சேர்த்து `.rdc` என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பாக வைக்கிறது. பெரிய கேம் என்றால் அந்தக் கோப்பு ஜி.பி. கணக்கில்கூடப் போகும்.

திரையை அப்படியே படமெடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஸ்கிரீன்ஷாட்டில் முடிந்த படம் மட்டும் இருக்கும். இந்தக் கோப்பில் அந்தப் படத்தை வரையும் முறை முழுவதும் இருக்கிறது. கோப்பைத் திறந்தால் ரெண்டர்டாக் அதே ஆணைகளை நம் கார்டில் மறுபடி ஓட்டுகிறது. இடப்பக்கப் பட்டியலில் 400ஆவது ஆணையைச் சொடுக்கினால், அதுவரை வரையப்பட்டது மட்டும் வலப்பக்கம் தெரியும். அடுத்ததைச் சொடுக்கினால் ஒரு கூரை முளைக்கும். அதற்கடுத்ததில் தெருவிளக்கு வரிசை வரும். வெறும் கறுப்பிலிருந்து நகரம் எழுந்து வருவதை ஒரு ஆணை ஒரு ஆணையாகப் பார்க்கலாம். முதல்முறை பார்ப்பவர்கள் பட்டியலை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்காருவதில் தவறேயில்லை. ஒரு கேம் எப்படி வரையப்படுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு வழி எனக்குத் தெரியாது.

பட்டியலில் தெரியும் ஒரு வரி எப்படி இருக்கும் என்று பார்ப்போம். விண்டோஸ் கேம் ஒன்றில் `DrawIndexedInstanced(36, 200)` என்று ஒரு ஆணை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 36 என்பது ஒரு பொருளை வரையக் கார்டு எத்தனை முறை முனைகளை எடுக்க வேண்டும் என்ற எண். ஒரு முக்கோணத்துக்கு மூன்று என்றால் 12 முக்கோணம். அதாவது ஆறு முகமுள்ள ஒரு பெட்டி. 200 என்பது அந்தப் பெட்டியை எத்தனை இடங்களில் வரைய வேண்டும் என்பது. இப்படி ஒரு சாதாரணப் பெட்டிக்கு 36க்குப் பதில் மூன்று லட்சம் என்று எண் தென்பட்டால், அங்கே நின்று பார்க்க வேண்டும்.

ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளில் எங்கே போய் நிற்பது? பட்டியலுக்கு மேலே ஒரு கடிகாரச் சின்னம் உண்டு. அதை அழுத்தினால் ஒவ்வொரு ஆணைக்கும் கார்டு எடுத்துக்கொண்ட நேரம் பக்கத்தில் வந்து நிற்கும். ஆணைகள் தொகுதி தொகுதியாக இருக்கும்: தொலைவைக் கணக்கிடும் தொகுதி, பொருள்களின் நிறத்தை வரையும் தொகுதி, நிழல், வெளிச்சம், வானம், தண்ணீர், கடைசியில் பொத்தான்களும் எழுத்துகளும். எந்தத் தொகுதி அதிக நேரம் தின்கிறதோ அதை மட்டும் திறந்து உள்ளே போக வேண்டும். மற்றவை எவ்வளவு விநோதமாக இருந்தாலும் இப்போதைக்குத் தொடக்கூடாது. இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பது கடினம். விநோதங்கள் கண்ணை இழுக்கும்.

சிட்டீஸ் விஷயத்தில் அப்படித்தான் இழுத்தது. நகரவாசிகளின் மாடலைத் திறந்து பார்த்தபோது, வாய்க்குள் முழுப் பல்வரிசை இருந்தது. நாம் பெரும்பாலும் வானத்திலிருந்து பார்க்கும் கேம். ஆள் ஒருவர் திரையில் சில பிக்சல் உயரம்கூட இருக்க மாட்டார். அவருக்கு யாராலும் பார்க்க முடியாத பற்கள். இந்தச் செய்தி இணையம் முழுவதும் பரவியது; பற்களால்தான் கேம் மெதுவாகிறது என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள். ஆட்களின் மாடலுக்கு எளிய வடிவங்கள் இன்னும் சேர்க்கப்படவில்லை, அதனால் வேகத்தில் ஓரளவு பாதிப்பு உண்டு, சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்று நிறுவனமும் விளக்கம் கொடுத்தது.

நேரப் பட்டியல் வேறொன்றைச் சொன்னது. அந்த ஃபிரேமில் ஏறக்குறைய பாதி நேரம் நிழல் வரையப் போயிருந்தது.

நிழல் வரைவது என்றால் கறுப்புச் சாயம் பூசுவதல்ல. சூரியன் இருக்கும் இடத்தில் ஒரு கேமரா இருப்பதாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து நகரத்தை ஒருமுறை வரைய வேண்டும். அந்தப் படத்தில் நிறம் இருக்காது. ஒவ்வொரு புள்ளியும் சூரியனிலிருந்து எவ்வளவு தூரம் என்ற அளவு மட்டும் இருக்கும். பிறகு நம் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு பிக்சலையும் அதோடு ஒப்பிட்டு, நடுவில் ஏதாவது மறைக்கிறதா என்று பார்த்தால் நிழல் கிடைத்துவிடும். பரந்த நகரத்துக்கு ஒரே படம் போதாது. கிட்டே இருப்பதற்கு நுணுக்கமாக ஒன்று, சற்றுத் தள்ளி ஒன்று, அதற்கும் அப்பால் ஒன்று, வெகுதொலைவுக்கு ஒன்று என்று இந்த கேமில் நான்கு படங்கள். ஆக நிழல் விழும் பொருள்கள், நமக்காக வரையப்படுவது போக, சூரியனுக்காகவும் திரும்பத் திரும்ப வரையப்படுகின்றன.

இப்போது அந்த இரண்டு வேலைகளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நிழல் படத்தில் நிறம் கணக்கிட வேண்டியதில்லை. செங்கல் இல்லை, கண்ணாடி மினுமினுப்பு இல்லை. பிக்சல் வேலை கிட்டத்தட்ட ஒன்றுமேயில்லை. அப்படியிருந்தும் பாதி நேரம் அங்கே போகிறது என்றால் மிச்சமிருப்பது முனை வேலைதான். பொருள்களில் முனைகள் அளவுக்கு மீறி இருக்கின்றன என்பதை நேரப் பட்டியலே சுட்டிக்காட்டிவிட்டது. திரை அளவைக் குறைப்பது ஏன் முழு மருந்தாகவில்லை என்பதும் இதிலேயே விளங்கும். திரையில் பிக்சல் குறைந்தால் நிறம், வெளிச்சம் வரையும் தொகுதிகள் வேகமாகும். சூரியனிடமிருந்து எடுக்கும் படத்தின் அளவு நம் திரையைப் பொறுத்ததில்லை. அதற்குள் போகும் முனைகளின் எண்ணிக்கையும் மாறுவதில்லை.

அடுத்த படி, நிழல் தொகுதியைத் திறந்து நேரம் அதிகமுள்ள ஆணையைச் சொடுக்குவது. ரெண்டர்டாக்கில் `Mesh Viewer` என்ற ஜன்னல் உண்டு. அந்த ஆணை வரையும் பொருளைத் தனியாக எடுத்து வைத்து, சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். `Wireframe` என்று தேர்ந்தெடுத்தால் முக்கோணங்களின் கோடுகள் மட்டும் தெரியும். ஒழுங்காகச் செய்த வீட்டு மாடலில் சுவர்கள் பெரிய பெரிய முக்கோணங்களாக, இடையில் நிறைய வெற்றிடத்தோடு இருக்கும். அளவு மீறிய மாடலில் கோடுகளுக்கு நடுவே இடமே இருக்காது. ஒரே நிறத்தில் அப்பியதுபோல் தெரியும். அப்படி அப்பித் தெரிந்தவற்றில் ஒன்று மரக்கட்டைக் குவியல். வெட்டி அடுக்கிய கட்டைகள்; ஓரமாகக் கிடக்கும் அலங்காரப் பொருள், அவ்வளவுதான். அதற்கு ஒரு லட்சத்துக்கும் மேல் முனைகள்.

ஒரு லட்சம் என்றால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேமரா உயரத்தில் இருக்கும்போது அந்தக் குவியல் திரையில் 20 பிக்சல் அகலமும் 10 பிக்சல் உயரமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சராசரியாக 500 முனைகள்! ஒரு பிக்சல் ஒரு நிறத்தைத்தான் காட்ட முடியும். மற்ற கணக்கெல்லாம் செய்த பிறகு தூக்கி எறியப்படுகிறது. அதே கணக்கு நிழல் படங்களுக்காக மீண்டும் நடக்கிறது.

சிறு முக்கோணங்களால் இன்னொரு நஷ்டமும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. கிராபிக்ஸ் கார்டு பிக்சல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்கிடுவதில்லை. இரண்டுக்கு இரண்டு என்று நான்கு நான்காகச் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஒரு முக்கோணம் அதில் ஒரே ஒரு பிக்சலைத் தொட்டாலும் நான்குக்கான வேலை நடக்கும், மூன்று வீண். முக்கோணங்கள் பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிட்டால் நிறம் வரையும் தொகுதியிலும் மும்மடங்கு, நான்மடங்கு வேலை கூடிவிடும். இதைப் பார்க்கவும் ரெண்டர்டாக்கில் வழி இருக்கிறது. படத்தைக் காட்டும் ஜன்னலின் மேலே `Quad Overdraw (Pass)` என்ற தேர்வு இருக்கிறது. ஒவ்வொரு நான்கு பிக்சல் கட்டமும் எத்தனை முறை கணக்கிடப்பட்டது என்பதை நிறத்தால் காட்டும். அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில், அந்த மரக்கட்டை போன்ற ஒரு சின்னப் பொருள் மட்டும் பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி அதுதான்.

இதற்கு மருந்து புதிதல்ல. சினிமா பேனர் வரைந்த ஓவியர்கள் சாலையில் போகிறவர் எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார் என்று தெரிந்துதான் தூரிகையை எடுத்தார்கள். கேமிலும் ஒரு பொருளுக்கு மூன்று நான்கு வடிவங்கள் செய்து வைப்பார்கள். கிட்டத்தில் பார்க்க நுணுக்கமான வடிவம், தள்ளிப் போகப் போக எளிய வடிவங்கள். தூரத்துக்கு ஏற்ப கேம் தானே மாற்றிக்கொள்ளும். கேம் துறையில் இதை எல்.ஓ.டி. என்பார்கள். சிட்டீஸ் வெளியானபோது பல பொருள்களுக்கு இந்த எளிய வடிவங்கள் இல்லை, அல்லது போதுமான அளவுக்கு எளிதாக இல்லை. வெளிவந்த பின்னர் வந்த திருத்தங்களில் நிறுவனம் இவற்றைப் படிப்படியாகச் சேர்த்தது.

பற்கள் பேசப்பட்டன, நிழல் பேசப்படவில்லை. என் பார்வையில் இந்தக் கதையில் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான். பற்களும் வீண் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றை மட்டும் நீக்கிவிட்டு ஓட்டிப் பார்த்திருந்தால் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. பல்லும் மரக்கட்டையும் தனித்தனித் தவறுகள் அல்ல. தேவைக்கு மேல் முனைகளைச் சுமந்த பொருள்கள் நகரம் முழுக்கப் பரவி, நிழலில் பெருகி நின்றதுதான் நோய். அதை நேரப் பட்டியல் காட்டியது. வேடிக்கையான மாடல்கள் அதற்கு உதாரணங்களாக அமைந்தன.

ரெண்டர்டாக் சொல்லும் நேரங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. உண்மையில் கேம் ஓடும்போது கார்டு பல ஆணைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்துகொண்டிருக்கும். ரெண்டர்டாக் ஒவ்வொன்றையும் தனித்து அளக்கிறது. ஆகவே எல்லா எண்களையும் கூட்டினால் உண்மையான ஃபிரேம் நேரத்தோடு பொருந்தாமல் போகலாம். எது பெரியது, எது சின்னது என்ற ஒப்பீட்டுக்கு அது போதும். மில்லிசெகண்டுக்குள் நுழைந்து துல்லியமாக அளக்க வேண்டுமென்றால் என்விடியாவின் என்சைட் கிராபிக்ஸ், ஏ.எம்.டி.யின் ரேடியான் ஜி.பி.யு. புரொஃபைலர், மைக்ரோசாஃப்டின் பிக்ஸ் போன்ற கருவிகளுக்குத்தான் போக வேண்டும். ரெண்டர்டாக் அடிப்படையில் என்ன வரையப்படுகிறது என்று காட்டுவதற்கான கருவி.

அதைவிட முக்கியமான எல்லை ஒன்று இருக்கிறது. பிடித்த ஃபிரேமில் தெரிவது கிராபிக்ஸ் கார்டின் வேலை மட்டும். மக்கள் எங்கே போகிறார்கள், எந்த வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது என்ற கணக்கெல்லாம் கணினியின் மையச் செயலியில் நடக்கிறது. அது இந்தக் கோப்பில் வராது. நகரம் பெரிதாகி, மக்கள்தொகை லட்சத்தைத் தாண்டும்போது அந்தச் சுமை ஏறும். படம் பொதுவாக ஒழுங்காக ஓடி, இடையில் மட்டும் ஒருமுறை சிக்கி நிற்கிறது என்றாலும் ஒற்றை ஃபிரேம் உதவாது. சிக்கிய அந்தக் கணத்தைச் சரியாகப் பிடிப்பது அபூர்வம்.

எனவே F12ஐத் தட்டும் முன் ஒரு சின்னப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. திரை அளவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். வேகம் நன்றாகக் கூடினால் பிக்சல் வேலைதான் சுமை. வெளிச்சம், தண்ணீர், மூடுபனி உள்ள தொகுதிகளைத் தேடுங்கள். வேகம் கொஞ்சமும் மாறவில்லை என்றால் இரண்டு வாய்ப்பு. பிடித்த ஃபிரேமில் கார்டின் மொத்த நேரமும் கேமில் காணும் ஃபிரேம் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் முனைகள்மீது சந்தேகம் கொள்ளலாம். கார்டு 8 மில்லிசெகண்டில் முடித்துவிட்டு, கேமோ ஒரு படத்துக்கு 25 மில்லிசெகண்ட் எடுக்கிறது என்றால், மீதி 17 மில்லிசெகண்ட் கார்டு சும்மா காத்திருக்கிறது. கோளாறு மையச் செயலியின் பக்கம். அங்கே தேட வேறு கருவி வேண்டும்.

கேம் செய்யக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் இதற்காகப் பெரிதாக எதுவும் செலவழிக்க வேண்டியதில்லை. ரெண்டர்டாக் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஆண்ட்ராய்டு கேம்களையும் கணினியோடு இணைத்துப் பிடிக்கலாம். யூனிட்டியில் வேலை செய்பவர்கள், ரெண்டர்டாக்கை நிறுவிய பின் `Game` என்ற தாவலில் வலது சொடுக்கு செய்தால் `Load RenderDoc` என்ற வரி வரும். உங்கள் சொந்த கேமையோ, அனுமதி உள்ளதையோ மட்டும் பிடியுங்கள். இணையத்தில் பலர் சேர்ந்து விளையாடும் கேம்களில் இப்படி நடுவில் உட்காரும் கருவிகளை மோசடி என்று கருதி உங்கள் கணக்கை முடக்கிவிட வாய்ப்பு உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேமில் எதையாவது மாற்றப் போகிறீர்கள் என்றால் மாற்றும் முன் ஒரு ஃபிரேமைப் பிடித்துப் பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு அதே இடத்தில், கேமராவை அதே கோணத்தில் நிறுத்தி, இன்னொன்றைப் பிடியுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, நீங்கள் தொட்ட தொகுதியின் நேரம் குறைந்ததா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.